கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கான தமிழ்

காரைக்குடிக்கு வெளிமாநிலத்தார் வருவது புதிதில்லை. அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுத்து உருவான மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்கு 1948-இல் அடிக்கல் நாட்டினார்கள், 1953-இல் அது இயங்கத் தொடங்கியது. அன்றிலிருந்து பல மாநிலத்துக்காரர்கள் இங்கே குடியிருந்து, பிள்ளைகளைப் படிக்கவைத்து, ஓய்வுபெற்றுப் போயிருக்கிறார்கள். ஆனால் ஆராய்ச்சிக்கூடத்தில் ஆங்கிலம் போதும். கடைத்தெருவில் விரலைக் காட்டினால் போதும். இப்போது என்னிடம் தமிழ் கற்க வருகிறவர்களுக்கு அந்த இரண்டும் போதவில்லை. கிராமத்து வங்கிக் கிளையில் உட்காரும் இளம் அதிகாரிகள், ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் கேரளத்துப் பெண்கள், பழைய செட்டிநாட்டு வீடுகளை மாற்றிக் கட்டிய ஓட்டல்களின் சமையலறைப் பையன்கள், இவர்கள்தான் பெரும்பாலும். எதிரில் நிற்பவர் தமிழைத் தவிர வேறு எதுவும் பேசாத இடத்தில் இவர்கள் நாள் முழுக்க வேலை பார்க்க வேண்டும்.

நான் தட்சிண பாரத இந்தி பிரச்சார சபையில் பிரவீண் தேர்வு வரை எழுதியவள். வருடக்கணக்காக வீட்டுத் திண்ணையில் பிள்ளைகளுக்கு இந்தி டியூஷன் எடுத்தேன். இப்போது அதே திண்ணையில் இந்திக்காரர்களுக்கும் மற்ற மாநிலத்தாருக்கும் தமிழ் எடுக்கிறேன். அரை மணி நேரம், 250 ரூபாய். எட்டுப் பாடத்துக்கு 2000 ரூபாயை முதலிலேயே வாங்கிவிடுவேன். வாரத்துக்கு மூன்று நாள், மாலை ஏழரைக்கு மேல். ஒரு மணி நேரம் எடுக்கச் சொல்லிக் கேட்பவர்கள் உண்டு, நான் எடுப்பதில்லை. பழகாத மொழியைக் காது கூர்ந்து கேட்பது உடம்பு வேலை மாதிரி அசதி தரும். இருபத்தைந்து நிமிடம் தாண்டினால் எதிரில் இருப்பவர் தலையை ஆட்டுவார், ஆனால் உள்ளே எதுவும் போகாது. ஞாயிற்றுக்கிழமை ஒரே மூச்சாக இரண்டு மணி நேரம் உட்காருகிறவர் அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் முக்கால்வாசியை மறந்துவிட்டுத்தான் வருவார்.

எல்லோரும் முதலில் கேட்பது வாக்கியப் பட்டியலைத்தான். ‘இது எவ்வளவு?’, ‘பஸ் ஸ்டாண்டு எங்கே?’, ‘உங்கள் பெயர் என்ன?’ என்று கைப்பேசியில் நூறு வாக்கியம் ஏற்கெனவே வைத்திருப்பார்கள். அதில் உள்ளவை எல்லாம் கேள்விகள். கேள்வியை மனப்பாடம் செய்து ஒப்பித்துவிடலாம். ஆனால் தமிழில் கேட்டுவிட்டாரே என்று எதிரில் இருப்பவர் மகிழ்ந்துபோய் முழு வேகத்தில் நாலு வாக்கியத்தில் பதில் சொல்வார், அங்கே இவர் திகைத்து நின்றுவிடுவார். அந்தப் பட்டியலை நம்பி வந்தவர்கள் ஒரு மாதத்துக்குப் பிறகு பேசுவதையே விட்டுவிடுவதை நிறையப் பார்த்துவிட்டேன். அதனால் என் பாடம் பதிலில் இருந்து தொடங்கும். நாளைக் காலையில் இவர் காதில் விழப்போகும் வாக்கியம் எது, அதற்கு இவர் என்ன செய்ய வேண்டும், என்ன சொல்ல வேண்டும் என்பதுதான் ஒரு பாடம்.

இதை ஒரே ஆளை வைத்துச் சொன்னால்தான் விளங்கும். பீகாரில் இருந்து வந்த ஒரு தம்பி. பள்ளத்தூர்ப் பக்கம் ஒரு கிராமத்துக் கிளையில் வேலை. இந்தியன் ஓவர்சீஸ் வங்கி 1937-இல் சென்னையிலும் ரங்கூனிலும் திறந்த அதே நாளில் காரைக்குடியிலும் கிளை திறந்தது என்பார்கள். வங்கி என்றால் என்னவென்று இந்த வட்டாரத்துக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கவுன்ட்டருக்கு வரும் வயதான பெண்கள்கூடத் தங்கள் கணக்கில் கறாராக இருப்பார்கள். ஆனால் அந்தக் கணக்கை அவர்கள் பேசுகிற தமிழில்தான் கேட்பார்கள். சின்னக் கிளை என்பதால் பணம் கொடுப்பது, பாஸ்புக்கில் பதிவது, நகைக் கடன் எல்லாவற்றுக்கும் இந்தத் தம்பியும் உட்கார வேண்டியிருந்தது. பக்கத்து மேசைக்காரர் எத்தனை தடவைதான் மொழிபெயர்ப்பார்?

முதல் பாடத்துக்கு வந்தபோது, அன்று அதிகம் காதில் விழுந்த சத்தம் எது என்று கேட்டேன். அர்த்தம் வேண்டாம், சத்தம் போதும் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, ‘ஏரிச்சாப்பா’ என்றார். நான் சிரித்துவிட்டேன். ‘தம்பி, பென்சன் ஏறிருச்சாப்பா?’ என்பதுதான் அது. பணம் கணக்கில் வந்துவிட்டதா என்று யாரும் கேட்பதில்லை. பணம் ‘ஏறும்’.

இந்த ஒரு சொல்லில் இருந்தே தொடங்கினோம். ‘ஏறிருச்சு’ என்பதை உடைத்துக் காட்ட இந்திக்காரருக்கு ஒரு நிமிடம் போதும், ஏனென்றால் அவர்களிடமும் இதே அமைப்பு இருக்கிறது. ‘ஆ கயா’ என்றால் வந்துருச்சு. ‘ஹோ கயா’ என்றால் ஆயிருச்சு. ‘சட் கயா’ என்றால் ஏறிருச்சு. வேலை முடிந்துவிட்டது என்பதைக் காட்ட இரண்டாவதாக ஒரு வினையை ஒட்டுவது இரண்டு மொழியிலும் உண்டு. ஆங்கிலம் வழியாகத் தமிழ் கற்பிக்கும் புத்தகங்களில் இந்த இடத்துக்கு வரப் பல பக்கங்கள் புரட்ட வேண்டும். இந்தி வழியாக வந்தால் வாசலிலேயே கிடைக்கிறது. வினை கடைசியில் வருவது, ‘கோ’ போடும் இடத்தில் பெரும்பாலும் ‘க்கு’ வருவது, ‘முஜே பாஸ்புக் சாஹியே’ என்பது சொல்லுக்குச் சொல் ‘எனக்குப் பாஸ்புக் வேணும்’ என்று ஆவது எல்லாம் அப்படித்தான். தமிழ் மிகக் கடினம் என்று யாரோ சொல்லிப் பயமுறுத்தி அனுப்பியிருப்பார்கள். இந்த வாக்கியங்களை அடுத்தடுத்து வைத்துக் காட்டினால் முகம் மாறிவிடும்.

அப்புறம் ஒரு வினைக்கு மூன்று வடிவம். ஏறிருச்சு, இன்னும் ஏறல, நாளைக்கு ஏறிரும். கவுன்ட்டரில் இருப்பவர் சொல்ல வேண்டிய பதில் இந்த மூன்றில் ஒன்றுதான். இதே அச்சில் வந்துருச்சு, வரல, வந்துரும். ஆயிருச்சு, ஆகல, ஆயிரும். காலத்துக்கும் இடத்துக்கும் தனித்தனி அட்டவணை போடாமல், இந்த மூன்றையும் ஐந்தாறு வினைகளில் மாற்றி மாற்றிச் சொல்லவைத்தால் முதல் வாரத்து வேலை நடந்துவிடும். நல்ல வேளையாக ‘ஏறல’ என்பது இன்றைக்கும் நேற்றைக்கும் ஒன்றே. ஆனால் இந்தியில் ‘நஹீ’ வினைக்கு முன்னால் வரும், நம் மறுப்பு வினையின் வாலில் ஒட்டிக்கொண்டிருக்கும். வாக்கியத்தின் கடைசிச் சத்தத்தை விட்டுவிட்டால் ஆமாம் இல்லை ஆகிவிடும். அதனால் முதல் சில பாடங்களில் நான் முழு வாக்கியம் சொல்வேன், அவர் கடைசிச் சொல்லை மட்டும் திருப்பிச் சொன்னால் போதும்.

இங்கே வட்டாரம் ஒன்று குறுக்கே வரும். இணையத்தில் இருக்கும் பேச்சுத்தமிழ்க் காணொளிகள் பெரும்பாலும் சென்னைப் பக்கத்துத் தமிழில் இருக்கும். அங்கே ‘வந்துடுச்சு’, ‘ஏறிடுச்சு’. மதுரையில் இருந்து இந்தப் பக்கம் முழுக்க ‘வந்துருச்சு’, ‘ஏறிருச்சு’. தமிழருக்கு இது வித்தியாசமாகவே படாது. ஒரு மாதமாகக் காணொளி பார்த்து ‘டுச்சு’வுக்குக் காதைத் தீட்டிக்கொண்டு வந்தவருக்கு ‘ருச்சு’ என்பது வேறு சொல். அதேபோல ‘வாழைப்பழம்’ இங்கே பலர் வாயில் ‘வாளப்பளம்’. ழகரத்தைப் பற்றி நமக்கு இருக்கும் பெருமை எனக்கும் உண்டு, ஆனால் கற்க வந்த முதல் மாதத்தில் அதற்காக ஒரு நிமிடம்கூடச் செலவழிக்க மாட்டேன். ளகரம் போட்டுப் பேசினாலும் ஊரில் எல்லோருக்கும் புரியும்.

நான் விடாப்பிடியாக நிற்பது குறில் நெடிலில். இந்தியில் எ, ஒ என்ற குறில்களுக்குத் தனி எழுத்து வழக்கில் இல்லை, ஏயும் ஓவும்தான். இரட்டை ஒற்று பின்னால் வந்தால் சமாளித்துவிடுவார்கள். ‘என்ன’, ‘எப்ப’, ‘ஒண்ணு’ எல்லாம் ஓரளவு சரியாக வரும். ஒற்றை மெய் வந்தால் குறில் தானாக நீண்டுவிடும். ‘எடு’ என்பது ‘ஏடு’ ஆகும். ஓட்டலில் வேலை பார்த்த ஒரு பையன், பரிமாறும் அக்காவிடம் இட்லிக்குப் பொடி கேட்க நினைத்து ‘அக்கா, போடி’ என்றான். அந்த அம்மா நல்லவர், கரண்டியை ஓங்கியதோடு சரி. இதை எழுதிக்காட்டித் திருத்த முடியாது. இந்தி எழுத்தில் குறித்துக்கொண்டால் இரண்டும் ஒன்றாகத்தான் இருக்கும், ஆங்கில எழுத்தில் குறித்தாலும் அதே கதி. ஆகவே குறிலுக்கு மேசையில் ஒரு தட்டு, நெடிலுக்கு இரண்டு தட்டு. நான் தட்டினால் அவர் சொல்ல வேண்டும், நான் சொன்னால் அவர் தட்ட வேண்டும். இரண்டாவது பாதிதான் முக்கியம். காது பிரித்துவிட்டால் வாய் பின்னாலேயே வந்துவிடும்.

பென்சன் பாடத்துக்குத் திரும்புகிறேன். ஏறிருச்சு என்று தம்பி சொல்லிவிட்டார். அதோடு முடியுமா? அந்த அம்மா அடுத்துக் கேட்பது, ‘அதுல எவ்வளவு கெடக்கு?’ தொகையைச் சொன்னால், ‘ஆயிரம் மட்டும் குடுப்பா, மிச்சம் கெடக்கட்டும்.’ கிடப்பது, ஏறுவது, கட்டுவது, திருப்புவது எல்லாம் வங்கித் தமிழில் தினமும் புழங்குபவை, எந்தப் பட்டியலிலும் இருக்காதவை. நகையை அடகு வைப்பார்கள், வட்டி கட்டுவார்கள், பிறகு நகையைத் திருப்புவார்கள். ‘திருப்பணும்’ என்று வந்த ஒருவரிடம், எதைத் திருப்ப வேண்டும் என்று புரியாமல் தம்பி பாஸ்புக்கைத் திருப்பிக் காட்டியிருக்கிறார்.

நகைக் கடன் பாடத்தில் எண் வந்தது. எண்ணில் இந்திக்காரர்களுக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது. இந்தியில் நூறு வரைக்கும் ஒவ்வொரு எண்ணையும் தனித்தனியாக மனப்பாடம் செய்திருப்பார்கள், நம்முடையது அடுக்கிப் போனாலே வந்துவிடும். தடுக்குவது தொண்ணூறிலும் தொள்ளாயிரத்திலும்தான். அதுவும் பேச்சில் ‘எம்பது’, ‘நூத்தம்பது’, ‘நூத்தி இருவது’ என்று நாம் சுருக்கிய வடிவத்திலேயே கற்றுத்தர வேண்டும். பின்னங்களுக்கு ‘சவா’, ‘டேட்’, ‘டாயி’ என்று அவர்களிடமே சொல் இருப்பதால் ஒண்ணேகால், ஒண்ணரை, ரெண்டரை சிரமமில்லை. சிரமம் அளவில் இருந்தது. வங்கிப் படிவத்தில் கிராம், கவுன்ட்டருக்கு வருபவர் வாயில் பவுன். பவுனுக்கு எட்டு கிராம். ‘ஒண்ணரப் பவுன் சங்கிலி, முக்காப் பவுன் தோடு’ என்று ஒருவர் சொன்னால் பன்னிரண்டும் ஆறும் என்று உடனே தலையில் ஓட வேண்டும். அந்தப் பாடத்தில் நான் வேறு எதுவும் செய்யவில்லை. நகை பெயரும் பவுனும் சொல்லிக்கொண்டே போனேன், அவர் கிராமை மட்டும் தாளில் எழுதினார். தமிழ் ஒரு சொல்கூட அவர் பேசவில்லை. பாடத்துக்குப் பணம் கொடுத்துவிட்டு வாயே திறக்கவில்லையே என்று அவருக்கு அன்று குறைதான்.

நான் வேண்டுமென்றே அப்படிச் செய்கிறேன். புரிந்ததா என்று கேட்டால் எல்லோரும் புரிந்தது என்பார்கள். பணம் கொடுத்துக் கற்பவர்கள் இன்னும் வேகமாகச் சொல்வார்கள். அதனால் அந்தக் கேள்வியை நான் கேட்பதே இல்லை. வாடிக்கையாளராக நடிப்பேன், நடுவில் தொகையை மாற்றுவேன், ‘எடுக்கணும்’ என்று தொடங்கிவிட்டு ‘வேணாம், கெடக்கட்டும்’ என்று முடிப்பேன். அவர் கையில் பணம் எடுக்கும் படிவமும் போடும் படிவமும் வெறுமையாக இருக்கும். சரியான படிவத்தை எடுத்தாரா, எந்தத் தொகையை எழுதினார் என்று பார்த்தால் புரிந்ததும் புரியாததும் தெரிந்துவிடும். சும்மா ‘ஆமா, ஆமா’ போடுகிறவரை இதில்தான் பிடிக்க முடியும்.

புரியாதபோது என்ன செய்வது என்பதற்கு ‘மெதுவாச் சொல்லுங்க’ என்ற வாக்கியத்தை எல்லோரும் கற்றுத்தருகிறார்கள். இந்தப் பக்கத்தில் அது வேலை செய்வதில்லை. மெதுவாகச் சொல்லச் சொன்னால் நம் ஆட்கள் சத்தமாகச் சொல்வார்கள். படித்தவராக இருந்தால் இன்னும் மோசம், மெதுவாகச் சொல்கிறேன் என்று எழுத்துத் தமிழுக்கு மாறிவிடுவார். ‘ஓய்வூதியம் ஏறிவிட்டதா’ என்று ஒவ்வொரு எழுத்தாகச் சொல்வார்கள். அந்த வடிவத்தை இவர் கவுன்ட்டரில் மறுபடி ஒருநாளும் கேட்கப்போவதில்லை. வீட்டில் அன்பாகத் தமிழ் சொல்லித்தர முயலும் வாடகை வீட்டுக்காரர்கள் பலரும் இதைத்தான் செய்கிறார்கள். பாடத்தில் நான் வேகத்தைக் குறைக்க மாட்டேன். சொல்லுக்குச் சொல் இடைவெளி விடுவேன், சொல்லை இழுக்க மாட்டேன்.

கவுன்ட்டருக்கு நான் தரும் வழி வேறு. புரியவில்லை என்றால் பதிலைக் குறுக்கும் கேள்வியைக் கேட்க வேண்டும். ‘பணம் எடுக்கணுமா, போடணுமா?’ என்று கேட்டால் பதில் ஒரு சொல்லில் வரும். ‘பென்சனா, நகையா?’ என்றால் அதுவும் ஒரு சொல். ‘என்ன வேணும்?’ என்று திறந்துவிட்டால் மருமகளில் தொடங்கி மகன் சிங்கப்பூரில் இருந்து அனுப்பாத பணம் வரை எல்லாம் வரும். தம்பிக்கு இப்படிப் பத்துப் பன்னிரண்டு இரட்டைக் கேள்விகள் செய்து கொடுத்தேன். இரண்டாவது மாதத்தில் பக்கத்து மேசையைக் கூப்பிடுவது வெகுவாகக் குறைந்தது என்றார். எல்லாப் பாடங்களிலும் அதிகம் பயன்பட்டது இதுதான் என்று நினைக்கிறேன்.

மரியாதை விஷயம் தனியாகச் சொல்ல வேண்டும். இந்தியில் ‘தூ’, ‘தும்’, ‘ஆப்’ என்று மூன்று படி. நம்மிடம் நீ, நீங்க என்று இரண்டுதான். நடுப்படியான ‘தும்’ என்பதை அவர்கள் ‘நீ’யில் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். வயதில் மூத்தவரை நீ என்றுவிட்டால் இந்த ஊரில் அது லேசில் மறக்கப்படாது. அதனால் முதல் மூன்று மாதத்துக்கு ‘நீ’ என்ற சொல்லே பாடத்தில் கிடையாது. எல்லாவற்றிலும் ‘ங்க’ உண்டு: குடுங்க, சொல்லுங்க, உக்காருங்க. சின்னக் குழந்தையிடம் ‘வாங்க’ என்றால் யாரும் குறை சொல்லப்போவதில்லை. இன்னொன்று, காத்திருக்கச் சொல்வது. இந்தியில் ‘ருகியே’ என்பதை அப்படியே கொண்டுவந்து தம்பி ‘நில்லுங்கம்மா’ என்று சொல்லிக்கொண்டிருந்தார். முழங்கால் வலியோடு வந்து பெஞ்சில் உட்கார்ந்த அம்மா எழுந்து நின்றாராம். ‘கொஞ்சம் இருங்கம்மா’ என்பதைப் பழக்கினேன். ஆச்சி என்று கூப்பிடலாமா என்று கேட்டார். நகரத்தார் வீட்டுப் பெண்களை அப்படிக் கூப்பிடுவது வழக்கம், அவர்களுக்கும் பிடிக்கும். ஆனால் வருகிறவர் எந்த வீட்டார் என்று தெரியாத புதியவருக்கு ‘அம்மா’வும் ‘ஐயா’வும்தான் பத்திரம் என்றேன்.

இரண்டு பொறிகள் எல்லா இந்திக்காரருக்கும் பொது. ஒன்று, ‘கல்’. அவர்களுக்கு நேற்றும் கல், நாளையும் கல், வினையை வைத்துத்தான் பிரிப்பார்கள். அவசரத்தில் ‘நேத்து வாங்க’ என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். இதற்குத் தனிப்பயிற்சி என்று எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை. கிழமையையும் சேர்த்துச் சொல்லப் பழக்கிவிடுகிறேன். ‘நாளைக்கு, புதன்கிழமை வாங்க’ என்றால் ஒன்று தவறினாலும் மற்றது காப்பாற்றும்.

மற்றது ‘முடியல’. முடிஞ்சிருச்சு, முடியல, முடிஞ்சிரும் என்று அதே அச்சில் சொல்லிக் கொடுத்தால் வேலை முடியவில்லை என்று மட்டும் புரிந்துகொள்வார்கள். கையெழுத்துப் போட ஒரு மாதமாக வராத ஒரு பாட்டியிடம் ஏன் என்று தம்பி கேட்டிருக்கிறார். ‘முடியல தம்பி, அதான் வரல’ என்று பதில். என்ன வேலை முடியவில்லை என்று இவர் மறுபடி கேட்க, பாட்டி கோபித்துக்கொண்டார். உடம்புக்கு ஆகவில்லை என்பதற்கும், செய்ய இயலவில்லை என்பதற்கும், வேலை பாக்கி என்பதற்கும் அந்த ஒரே வடிவம்தான். எப்படிப் பிரிப்பது? முன்னால் ஆள் இருக்கிறதா, வேலை இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன். ‘வேலை முடியல’ என்றால் பாக்கி, ‘என்னால முடியல’ என்றால் இயலவில்லை. முன்னால் எதுவுமே இல்லாமல் ஒரு வயதானவர் சொன்னால் உடம்பு என்று வைத்துக்கொண்டு, ‘இப்ப எப்படி இருக்கு?’ என்று கேட்டுவிடச் சொன்னேன். தவறாகவே போனாலும் அந்தக் கேள்வி யாரையும் புண்படுத்தாது.

250 ரூபாய் அரை மணிக்கு அதிகம் என்று சிலர் சொல்கிறார்கள். அது அரை மணிக்கான கூலி மட்டும் இல்லை. ஒவ்வொரு பாடத்துக்கும் பின்னால் ஆறேழு குரல் பதிவுகள் அனுப்புகிறேன், அதற்கு இன்னொரு அரை மணி ஆகும். என் குரல் மட்டும் பயன்படாது, டியூஷன் எடுத்துப் பழகிய தெளிவான உச்சரிப்பு அது. கவுன்ட்டருக்கு வருகிறவர்கள் வெற்றிலையை அதக்கிக்கொண்டு பேசுவார்கள், பல் இல்லாமல் பேசுவார்கள், சேலைத்தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு பேசுவார்கள். வாடிக்கையாளர்கள் பேசுவதைக் கைப்பேசியில் பதிந்து வரட்டுமா என்று தம்பி கேட்டார். கூடவே கூடாது என்றேன். அடுத்தவர் கணக்கு விவரம் அது. பதிலாக எங்கள் தெருவில் ஒரு அப்பத்தாவைப் பிடித்தேன். காட்சியைச் சொன்னால் போதும், வாக்கியத்தை அவரே அமைத்துக்கொள்வார், நான் எழுதிக் கொடுப்பதைவிட அது எப்போதும் நன்றாக இருக்கும். ஒரு பதிவுத் தொகுப்புக்கு ஐம்பது ரூபாய் வாங்கிக்கொள்கிறார். அந்தப் பணமும் இதில்தான் அடங்கும்.

முன்பணம் வாங்குவதற்கும் காரணம் உண்டு. மாதக் கடைசியிலும் மார்ச்சிலும் வங்கிக்காரர்களுக்கு நேரம் இருக்காது. பாடத்துக்குப் பாடம் காசு என்றால் அந்த வாரத்தில் விட்டவர் திரும்ப வரமாட்டார். கொடுத்த காசு பாக்கி இருந்தால் வருவார். முந்தின நாள் சொல்லிவிட்டால் பாடத்தைத் தள்ளிவைப்பேன். சொல்லாமல் வராவிட்டால் அந்தப் பாடம் கழிந்ததுதான்.

சமையலறைப் பையன்களிடம் இந்த முறை நடக்காது. அவர்களால் 250 கொடுக்க முடியாது, ஐந்தாறு பேராக உட்காரவைத்து முதலாளியிடம் வாங்குகிறேன். அங்கே வேறு தலைவலி. ஒரு முதலாளி தேவையான வாக்கியங்களைத் தாளில் எழுதியே கொடுத்தார்: ‘தண்ணி வை’, ‘எலையப் போடு’, ‘தொடச்சு விடு’. எல்லாம் அவர் சொல்லப்போவது, அந்தப் பையன்கள் சொல்வதற்கு ஒன்றுமே இல்லை. நான் சேர்த்தேன்: ‘கை வெட்டிருச்சு’, ‘காய்ச்சலா இருக்கு’, ‘சம்பளம் என்னைக்குண்ணே?’, ‘லீவு வேணும்’. கடைசி இரண்டும் எதற்கு என்றார். அது இல்லாமல் பாடம் இல்லை என்றேன். முகத்தைச் சுளித்தாலும் பணத்தைக் கொடுத்துவிட்டார். அந்தப் பையன்களிடம் இருந்த தமிழ் முழுக்கத் தலைமைச் சமையல்காரரிடம் கேட்டுக் கற்றது, சாப்பிட வந்தவரைப் பார்த்தும் ‘வாடா’ என்றுதான் வரும். புதிதாகக் கற்றுத்தருவதைவிட அதை எடுப்பதற்குத்தான் நாள் பிடித்தது.

அரை மணிப் பாடங்களால் ஆகாதவையும் இருக்கின்றன. எழுத்தை நான் முதல் கட்டத்தில் தொடுவதில்லை. க, ச, ட, த, ப ஒவ்வொன்றும் இடத்துக்கு இடம் வேறு ஒலி தருவது, நாலு எழுத்து வைத்திருக்கும் இந்திக்காரரைத் தேவையில்லாமல் குழப்பும். பேச்சு காதில் பதிந்த பிறகு பஸ் பலகையில் தொடங்கலாம், அப்போது ‘தேவகோட்டை’யைத் தவறாகப் படிக்க வாய்ப்புக் குறைவு. தொலைபேசி இன்னும் கடினம். முகமும் இல்லை, கையில் காட்டும் பாஸ்புக்கும் இல்லை, வெறும் குரல். தம்பிக்கு நேரில் பேசுவது ஓரளவு பழகிய பிறகும் வாடிக்கையாளர் போனில் கூப்பிட்டால் வியர்த்தது. அதற்கு என்னிடம் இருப்பது ஒரே பயிற்சிதான். பாடத்தைத் திண்ணையில் நடத்தாமல், அவரை அவர் அறையிலேயே இருக்கச் சொல்லிப் போனில் நடத்துவது. பாதியில் நான் வேண்டுமென்றே தெருவுக்குப் போய் நின்றுகொள்வேன், பஸ் சத்தத்தோடு கேட்கட்டும் என்று.

இப்போது தம்பி மாதத்துக்கு இரண்டு பாடம்தான் எடுத்துக்கொள்கிறார். சாதாரணப் பேச்சு வந்துவிட்டது, கோபமாகப் பேசுபவர்களைத்தான் சமாளிக்க முடியவில்லை என்கிறார். நகைக் கடன் வட்டி கூடிப்போய்விட்டது என்று சண்டைக்கு வருபவர், மூன்று தடவை அலையவிட்டதாக வாசலில் நின்று கத்துபவர். கோபம் வந்தால் நாம் பேசும் வேகமும் வேறு, வாக்கியம் தலைகீழாகிவிடும், வினை முன்னால் வந்துவிடும்: ‘கட்டிட்டேன்ல நான், போன மாசமே!’ இதற்கான பதிவுகளை அப்பத்தாவிடம் கேட்டிருக்கிறேன். திட்டுவதற்கு ஐம்பது ரூபாய் கட்டாது, நூறாக்கு என்கிறார்.